ரிசல்ட் வரும் முன்பே வந்த ஆஃபர்: ஒரு பார்மசிஸ்ட் வேலையும் அதன் நிபந்தனைகளும்

பி.பார்ம் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஜூன், ஜூலையிலேயே வேலைக்கான கடிதம் வந்துவிடுவது இப்போது சாதாரணம். கையில் டிகிரி இருக்காது, பார்மசி கவுன்சில் பதிவு எண் இருக்காது. ஆனால் கடிதத்தில் சம்பளம், சேரும் தேதி, ஊர் எல்லாம் இருக்கும். நடுவில் எங்கேயோ ஒரு வரியில் ‘தேர்ச்சிக்கும் பதிவுக்கும் உட்பட்டது’ என்றும் இருக்கும். கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிக்கிறவன் என்ற முறையில் நான் அதிகம் பார்ப்பது இந்த வரியால் வரும் சிக்கல்களைத்தான். அதைச் சேரும் முன்பே எழுத்தில் தெளிவாக்கிக்கொண்ட ஒரு மாணவியின் கதை இது. அவர் பெயரையும் கடையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

திண்டுக்கல் பக்கத்துப் பெண். பல ஊர்களில் மருந்துக் கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் கோயம்புத்தூரில் திறக்கவிருந்த புதிய கிளைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. ஜூலை 4-ஆம் தேதி ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்தது. ‘பார்மசிஸ்ட்’ பதவி, மாதம் 18,000 ரூபாய், ஆகஸ்ட் 1-ஆம் தேதி சேர வேண்டும், 7 நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சென்னையில் மெடிக்கல் கோடிங் நிறுவனம் ஒன்றிலும் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த வேலைக்குப் பதிவு எண் தேவையில்லை. மருந்துக் கடையை ஏற்றால் அதை விட வேண்டும், கோயம்புத்தூரில் ஹாஸ்டல் அட்வான்ஸும் கட்ட வேண்டும்.

ஆஃபர் லெட்டரின் நிபந்தனை வரிகளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இறுதி செமஸ்டர் தேர்வில் தேர்ச்சி பெற்று, மாநில பார்மசி கவுன்சிலில் உரிய காலத்துக்குள் பதிவு பெறுவதற்கு உட்பட்டு இந்த நியமனம் அமையும். தவறினால் முன்னறிவிப்பின்றி ரத்தாகும். சேரும் நாளில் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். இக்கடிதத்துக்கு முன் நடந்த வாய்மொழிப் பேச்சுகள் எதுவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது.’

முதலில் ‘இறுதி செமஸ்டர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இந்தப் பெண்ணுக்கு ஆறாம் செமஸ்டரில் மெடிசினல் கெமிஸ்ட்ரி III அரியராக இருந்தது. எட்டாம் செமஸ்டர் தாள்களோடு சேர்த்து அதையும் எழுதியிருந்தார். எட்டாம் செமஸ்டரில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், சோஷியல் அண்ட் பிரிவென்டிவ் பார்மசி, இரண்டு எலெக்டிவ், ப்ராஜெக்ட். எல்லாம் பாஸாகி, அரியர் மட்டும் நின்றுவிட்டால்? கடிதத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் டிகிரி வராது, டிகிரி இல்லாமல் கவுன்சில் பதிவும் கிடையாது. வேலைக்கான விண்ணப்பத்தில் ‘நிலுவைத் தாள்: 1’ என்று அவர் உண்மையைத்தான் எழுதியிருந்தார். இருந்தாலும் ஆஃபர் லெட்டரைத் தயாரித்தவர் அந்த விண்ணப்பத்தைப் பார்த்தாரா என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது ‘உரிய காலத்துக்குள்’. இதற்குப் பின்னால் கடைக்காரருக்கு ஒரு நியாயமான கவலை இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் வேலை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆம் விதியும் அது அவர் கையால், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்கிறது. சில்லறை விற்பனை உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போதே பார்மசிஸ்ட் யார் என்று காட்ட வேண்டும். பதிவு எண் இல்லாதவர் பெயரை அங்கே போட முடியாது. இந்தக் கிளைக்கு வேறு கடையிலிருந்து ஒரு சீனியர் பார்மசிஸ்ட்டைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து உரிமம் வாங்கியிருந்தார்கள். அவரை எவ்வளவு நாள் இங்கே வைத்திருக்க முடியும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. அதனால் தேதி கேட்பதில் தவறே இல்லை. தேதியைச் சொல்லாமல் விட்டதில்தான் வினை.

தேதி இல்லாத நிபந்தனையும் தேதி உள்ள நிபந்தனையும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 31 முதல் 36 வரையுள்ள பிரிவுகள், நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றை நம்பி நிற்கும் ஒப்பந்தங்களைப் பற்றியவை. 32-ஆம் பிரிவின்படி அந்த நிகழ்வு நடக்கும்வரை ஒப்பந்தத்தை அமல்படுத்தக் கேட்க முடியாது. அது நடக்கவே முடியாது என்றாகிவிட்டால் ஒப்பந்தமும் போய்விடும். காலக்கெடு வைத்திருந்தால் 35-ஆம் பிரிவு வந்துவிடுகிறது: கெடு முடிந்தும் நிகழ்வு நடக்கவில்லை என்றால் ஒப்பந்தம் செல்லாது. தாமதத்துக்குக் காரணம் பல்கலைக்கழகமா, கவுன்சிலா, மாணவியா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. ஆகவே தேதி குறிக்கும்போதே, தன் கையில் இல்லாத தாமதத்துக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தேதி மட்டும் வாங்கிக்கொண்டு நின்றால், தேதியே இல்லாதபோது இருந்ததைவிட நிலைமை மோசமாகவும் வாய்ப்புண்டு.

ஜூலை 7-ஆம் தேதி அவர் ஹெச்.ஆர். பெண்மணிக்குப் போன் செய்தார். பேசியவர் நல்லவிதமாகத்தான் பேசினார். “அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா. ரெண்டு மாசத்துல எல்லாருக்கும் வந்துடும். வர்ற வரைக்கும் டிரெய்னியா இருங்க, நாங்க பாத்துக்கறோம்” என்றார். அதை மெயிலில் போட முடியுமா என்று கேட்டதற்கு, “லெட்டர்லயே எல்லாம் இருக்கேம்மா” என்று பதில் வந்தது.

போனில் இரண்டு புதிய விஷயங்கள் வெளிவந்திருந்தன. ஒன்று, இரண்டு மாதம். இன்னொன்று, டிரெய்னி. கடிதத்தில் டிரெய்னி என்ற சொல்லே கிடையாது. 18,000 என்பது பார்மசிஸ்ட் சம்பளம். டிரெய்னிக்கு எவ்வளவு? வாய்மொழிப் பேச்சு கட்டுப்படுத்தாது என்று கடிதமே சொல்லிவிட்டதால், போனில் கிடைத்த ஆறுதலை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் ஒன்றும் கேட்க முடியாது.

இந்த இடத்தில் பலரும் செய்வது, ‘ஆஃபரை ஏற்கிறேன், ஆனால் கீழ்க்கண்டவற்றுடன்’ என்று ஒரு மெயில் போடுவது. அது நல்லதல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி ஏற்பு என்றால் முழுமையாக, நிபந்தனையில்லாமல் இருக்க வேண்டும். ‘ஆனால்’ போட்டு ஏற்றால் அதைப் புதிய எதிர் ஆஃபராக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. நிறுவனம் அதற்குப் பதிலே போடாவிட்டால், வேலை இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வியாகிவிடும். ‘இரண்டு நாளில் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதுவதும் உதவாது. மற்றவர் மௌனத்தை நாமாகச் சம்மதம் ஆக்கிவிட முடியாது. சரியான வரிசை இதுதான்: முதலில் விளக்கம் கேட்பது, பதில் வாங்குவது, அப்புறம் வெறும் ஏற்பு. 7 நாள் கெடுவில் மூன்று நாள் ஏற்கெனவே போயிருந்தது.

ஜூலை 9-ஆம் தேதி அவர் அனுப்பிய மெயில் இது. ஹெச்.ஆருக்கு எழுதி, கடிதத்தில் கையெழுத்திட்டிருந்த மண்டல மேலாளருக்கும் நகல் போட்டார். அந்த நகல் முக்கியம். ஹெச்.ஆரில் இருப்பவர் மாறிப் போகலாம், அவருக்கு இதை முடிவு செய்யும் அதிகாரம் இல்லாமலும் இருக்கலாம்.

> வணக்கம். ஜூலை 4 தேதியிட்ட ஆஃபர் லெட்டர் கிடைத்தது, நன்றி. இந்த வேலையில் சேர விரும்புகிறேன். ஏற்புக் கடிதம் அனுப்பும் முன், அதிலுள்ள நிபந்தனைகளை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று உறுதி செய்யக் கேட்டுக்கொள்கிறேன். 7-ஆம் தேதி போனில் பேசியவற்றையும் சேர்த்திருக்கிறேன்.
>
> தேர்ச்சி: எட்டாம் செமஸ்டர் தாள்களுடன், என் விண்ணப்பத்தில் குறிப்பிட்ட ஆறாம் செமஸ்டர் அரியர் ஒன்றையும் ஜூனில் எழுதியிருக்கிறேன். இரண்டும் தேறி, கல்லூரி வழியாகப் புரொவிஷனல் சர்டிபிகேட் பெறுவதே ‘தேர்ச்சி’ என்று எடுத்துக்கொள்கிறேன்.
>
> பதிவு: தமிழ்நாடு பார்மசி கவுன்சிலின் பதிவு எண் கிடைப்பதே நிபந்தனை, விண்ணப்பித்த ரசீது போதாது என்று புரிந்துகொள்கிறேன். கடைசித் தேதி செப்டம்பர் 30. புரொவிஷனல் கிடைத்த 7 நாளுக்குள் விண்ணப்பித்து ரசீதை உங்களுக்கு அனுப்பியிருந்தால், கவுன்சில் தரப்புத் தாமதத்துக்காக இந்தத் தேதி அக்டோபர் 31 வரை நீளும்.
>
> இடைக்காலம்: ஆகஸ்ட் 1 முதல் பதிவு எண் கிடைக்கும்வரை டிரெய்னி. இக்காலத்தில் மாதச் சம்பளம் எவ்வளவு? சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலை இதில் அடங்காது. பதிவு எண் கிடைத்த தேதியிலிருந்து பார்மசிஸ்ட் பதவியும் 18,000 ரூபாய் சம்பளமும்.
>
> நிறைவேறாவிட்டால்: ஏதாவது தாளில் தேறாவிட்டால் ரிசல்ட் வந்த இரண்டு வேலை நாளில் தெரிவிப்பேன். அதுவரை வேலை செய்த நாட்களுக்கான சம்பளம் தரப்படும், நோட்டீஸ் காலத் தொகை எதுவும் என்னிடம் பிடிக்கப்படாது. டிரெய்னியாகத் தொடர முடியுமா என்பதையும் தெரிவிக்கவும்.
>
> சான்றிதழ்கள்: கவுன்சில் பதிவுக்கு அசல் தேவைப்படலாம் என்பதால், சேரும் நாளில் அசலைக் காட்டிச் சரிபார்த்து அன்றே திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன்.
>
> ஏற்பதற்கான கடைசி நாள் 11-ஆம் தேதி. அதற்குள் பதில் தர முடியாவிட்டால் ஏற்புக் கெடுவை 14 வரை நீட்டித்துத் தரவும்.

இந்த மெயிலில் தனக்குச் சாதகமில்லாத விஷயங்களையும் அவர் தானே எழுதியிருப்பதைப் பாருங்கள். அரியரை மறுபடி சொல்லியிருக்கிறார், ரசீது போதாது என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ரசீதே போதும் என்று எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றும். பதிவு எண் இல்லாமல் கடைக்கு அவரால் பயனில்லை என்பதால் நிறுவனம் அதை ஏற்காது. ஏற்காத ஒன்றைக் கேட்டால் மொத்த மெயிலுமே நிறுவனத்தின் சட்டத் துறைக்குப் போய் அங்கே தூங்கும். மறுதரப்புக்கும் தேவையான தெளிவைக் கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும்.

சான்றிதழ் பற்றிய பத்தி சின்னதாகத் தெரியும், ஆனால் சேர்பவரை அதிகம் முடக்குவது அதுதான். மார்க் ஷீட்டுகளையும் புரொவிஷனலையும் நிறுவனத்தின் பீரோவில் வைத்துவிட்டு, கவுன்சில் சரிபார்ப்புக்கு அசல் கேட்கும்போது, வேறு ஊரிலுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து அதை வரவழைக்கப் பத்து நாள் அலைய வேண்டும். பதிவு வாங்கு என்று நிபந்தனை போட்டவரே பதிவுக்குத் தேவையான காகிதத்தைப் பூட்டி வைத்திருக்கும் நிலைமை அது.

மெயிலில் கவுன்சிலின் பெயரைச் சொல்லியிருப்பதற்கும் காரணம் உண்டு. பார்மசிஸ்ட் பதிவு மாநில வாரியானது. ஆஃபர் லெட்டரில் ‘மாநில கவுன்சில்’ என்று மட்டும் இருந்து, சேரும் நேரத்தில் ஊரைப் பெங்களூருக்கு மாற்றினால், எந்த மாநிலத்துப் பதிவு என்ற கேள்வி புதிதாகக் கிளம்பும். வெளிமாநிலக் கல்லூரியில் படித்தவர்களும் இதைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

11-ஆம் தேதி மத்தியானம் பதில் வந்தது. தேர்ச்சி, கடைசித் தேதி, நீட்டிப்பு, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் ‘உங்கள் புரிதல் சரி’. டிரெய்னி காலத்தில் 13,500 ரூபாய். ஒன்றை மட்டும் மறுத்தார்கள்: அரியர் நின்றுவிட்டால் அடுத்த தேர்வுவரை டிரெய்னியாக வைத்திருக்க முடியாது. ரிசல்ட் வந்த மாதத்தின் கடைசிவரை வேலை, அதற்கான சம்பளம், நோட்டீஸ் தொகை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் கிடையாது.

அவர் என்னிடம், “சார், இதுக்கு என்ன பண்றது, இன்னொரு தடவை கேட்டுப் பாக்கட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். அது நேர்மையான பதில். மோசமான நிலைமையில் என்ன நடக்கும் என்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை வைத்துச் சென்னை வேலையோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். அந்தத் தாளை எப்படி எழுதினோம் என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டில் பேசிவிட்டு அன்று சாயங்காலமே இரண்டே வரியில் ஏற்பு அனுப்பினார்: ‘ஜூலை 4 ஆஃபர் லெட்டரையும், அதற்கு விளக்கமாக ஜூலை 11 அன்று நீங்கள் அனுப்பிய மெயிலையும் ஏற்கிறேன். ஆகஸ்ட் 1 அன்று சேருகிறேன்.’ இதில் ‘ஆனால்’ இல்லை. எந்த இரண்டு ஆவணங்களை ஏற்கிறார் என்பது தேதியோடு இருக்கிறது. ஹாஸ்டல் அட்வான்ஸ் கட்டியதும் சென்னைக்கு மறுப்புச் சொன்னதும் இதற்குப் பிறகுதான்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி சேரப் போனபோது எல்லாம் மறுபடி குழம்பப் பார்த்தது. கையெழுத்துக்கு வைத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்தது. அதில் பழையபடி ‘உரிய காலத்துக்குள் பதிவு’, ‘அசல் ஒப்படைப்பு’. கூடவே ‘இதற்கு முந்தைய கடிதப் போக்குவரத்து அனைத்துக்கும் பதிலாக இவ்வாணை அமையும்’ என்ற வரியும் இருந்தது. அதில் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் ஜூலை 11 மெயிலின் பலமெல்லாம் போயிருக்கும். நிபந்தனையோடு வரும் ஆஃபரில் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இந்த நாள்தான். அப்பா வாசலில் பெட்டியோடு நிற்பார், உள்ளே பத்துப் பேர் வரிசையில் இருப்பார்கள், படிக்க நேரமிருக்காது.

அவர் மெயில்களைப் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தார். அங்கிருந்த ஹெச்.ஆர். பையன் புதியவர், ஜூலையில் பேசியவர் இல்லை. அந்தப் பையனிடம் சண்டை போடவும் இல்லை, கையெழுத்தை மறுக்கவும் இல்லை. “அண்ணா, இந்த மெயில்ல மேனேஜர் சார் ஒத்துக்கிட்டது இந்த ஆர்டர்ல வரல. ஒரு வரி சேத்துட்டீங்கன்னா போதும்” என்றார். மண்டல மேலாளருக்குப் போன் போனது. நகலில் அவர் பெயரும் இருந்ததால் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆர்டரின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதினார்கள்: ‘11 ஜூலை தேதியிட்ட மெயிலில் உறுதி செய்த நிபந்தனைகள் தொடரும், முரண் இருந்தால் அவையே செல்லும்.’ இரு தரப்பும் அதன் கீழே தேதியோடு கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பிரதியிலும் எழுத வைத்து ஒன்றை அவர் வாங்கிக்கொண்டார்.

டிரெய்னியாக அவர் செய்தது சரக்கு வேலை: இன்வாய்ஸோடு பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரி தேதியும் ஒத்துப் பார்ப்பது, இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று நோட்டில் குறிப்பது, பில் போடுவது. ஒருநாள் சீனியர் சாப்பிடப் போன நேரத்தில், கூட்டம் நிற்கவே, சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னார் கடைப் பொறுப்பாளர். மெயிலிலேயே அந்த வேலை அடங்காது என்று இருந்ததால், பணிவாக அதைக் காட்டி மறுக்க முடிந்தது. பதிவில்லாத ஒருவர் கையில் அந்த வேலையைக் கொடுப்பது கடையின் உரிமத்துக்கும் ஆபத்து என்று பொறுப்பாளருக்கும் தெரியும். சீனியர் வரும்வரை கூட்டம் காத்திருந்தது.

எட்டாம் செமஸ்டர் ரிசல்ட் ஆகஸ்ட் 19-இல் வந்தது, எல்லாம் பாஸ். அரியர் ரிசல்ட் மட்டும் வரவில்லை. ‘ரிசல்ட் வந்துடுச்சு’ என்று மொட்டையாக எழுதாமல், இன்ன தாள்கள் தேறின, அரியர் முடிவு இன்னும் வெளியாகவில்லை என்று அன்றே மெயில் போட்டார். 27-ஆம் தேதி அதுவும் வந்தது, தேறிவிட்டார். புரொவிஷனல் கைக்கு வந்தது செப்டம்பர் 9. 12-ஆம் தேதி கவுன்சிலுக்கு விண்ணப்பித்து, ரசீதை அன்றே அனுப்பினார். ஒப்புக்கொண்ட 7 நாளில் மூன்றாம் நாள் அது.

செப்டம்பர் 30 வந்தது. பதிவு எண் வரவில்லை. 29-ஆம் தேதியே அவர் ஒரு மெயில் அனுப்பியிருந்தார்: விண்ணப்பித்த தேதி, ரசீது, கவுன்சில் பக்கத்தில் விண்ணப்பத்தின் நிலை காட்டும் திரையின் படம், ‘ஜூலை 11 மெயில்படி கடைசித் தேதி அக்டோபர் 31 ஆகிறது, உறுதி செய்யவும்’ என்ற ஒரு வரி. கெடு முடிந்த பிறகு நீட்டிப்புக் கேட்பதும், முடியும் முன்பே ஏற்கெனவே உள்ள நீட்டிப்பை நினைவூட்டுவதும் வேறு வேறு. ‘உறுதி’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அதே சமயத்தில் வேறொரு கிளையில் சேர்ந்த இன்னொரு பெண்ணுக்கும் எண் வரவில்லை. அவருக்கு ஆர்டரில் ‘உரிய காலம்’ மட்டும்தான். இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று சொல்லி அக்டோபர் முதல் வாரம் நிறுத்திவிட்டார்கள். போனில் என்ன சொன்னார்கள் என்று அவரால் காட்ட முடியவில்லை.

அக்டோபர் 14-ஆம் தேதி பதிவு எண் கிடைத்தது. சான்றிதழின் நகலை அனுப்பி, நிபந்தனைகள் நிறைவேறிவிட்டன என்பதையும், பார்மசிஸ்ட் பதவியும் சம்பளமும் 14-ஆம் தேதி முதல் என்பதையும் எழுத்தில் உறுதி செய்யக் கேட்டார். சம்பளப் பிரிவு நவம்பர் 1 முதல் என்று போட்டிருந்தது. ‘பதிவு எண் கிடைத்த தேதியிலிருந்து’ என்ற ஜூலை மெயில் வரியைச் சுட்டியதும் திருத்தினார்கள். அக்டோபரில் 13 நாளுக்கு டிரெய்னி கணக்கு, மீதி 18 நாளுக்குப் பார்மசிஸ்ட் கணக்கு.

எந்த மெயிலிலும் வராமல் விட்டுப்போனது புரொபேஷன். ஆறு மாத புரொபேஷன் ஆகஸ்ட் 1-இலிருந்தா, பார்மசிஸ்ட் ஆன நாளிலிருந்தா என்று யாரும் கேட்கவுமில்லை, எழுதவுமில்லை. நிறுவனம் அக்டோபர் 14-இலிருந்துதான் எண்ணியது. ஜனவரியோடு முடிந்திருக்க வேண்டியது ஏப்ரல்வரை போயிற்று, அதுவரை வருட இன்கிரிமென்ட் பட்டியலில் அவர் பெயர் சேரவில்லை. இப்போது எங்கள் பிள்ளைகள் அனுப்பும் விளக்க மெயிலில் ‘இடைக்காலம்’ பத்தியின் கடைசியில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது: டிரெய்னியாக இருக்கும் நாட்கள் புரொபேஷனில் சேருமா?